"கேட்டிருந்தாலும் இதே முடிவுதான்": இயற்கை நீதியும் பயனின்மை வாதமும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரிக்காமலே தண்டனை கொடுத்துவிட்டார்கள். இப்போது "விசாரித்திருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும்" என்கிறார்கள். சட்டம் இதை ஏற்குமா?

பெரும்பாலும் ஏற்காது. எப்போதுமே ஏற்காது என்று மட்டும் சொல்ல முடியாது.

ஒருவருடைய உரிமையையோ பதவியையோ படிப்பையோ பாதிக்கும் முடிவை எடுக்கும் பொது அதிகாரி, முதலில் குற்றச்சாட்டு என்ன என்று அவருக்குச் சொல்ல வேண்டும். பிறகு அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். இயற்கை நீதியின் பாதி இதுதான். முடிவெடுப்பவர் பக்கச்சார்பு இல்லாதவராக இருக்க வேண்டும் என்பது மறு பாதி. முதல் பாதியை மீறிய அதிகாரி நீதிமன்றத்துக்கு வந்து, "ஆமாம், கேட்கவில்லை. ஆனால் கேட்டிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது, ஆகவே முடிவை ரத்துச் செய்வதில் பயனில்லை" என்று வாதிடுவதைத்தான் பயனின்மைக் கோட்பாடு என்கிறார்கள்.

இந்த வாதத்துக்கு நீதிமன்றங்கள் ஒரே மாதிரி பதில் சொன்னதில்லை. 1943 இல் இங்கிலாந்தில் ஒரு மருத்துவரின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட ஸ்பேக்மன் வழக்கு வந்தது. இயற்கை நீதி மீறப்பட்டிருந்தால், ஒழுங்காக நடந்திருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும் என்பது பொருட்டே அல்ல, அது முடிவே இல்லை என்றார் நீதிபதி ரைட் பிரபு. அதற்குப் பிறகு வந்த சில தீர்ப்புகள் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டன. அந்தக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதுதான் இன்றைய சட்டக் கேள்வி. மிகக் குறைவாகத்தான் திறந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கொஞ்சம் நம்ம ஊர்ப் பக்கத்து உதாரணம் ஒன்றை வைத்து விளக்க முடியுமா? சட்ட மொழி தலைக்கு மேல் போகிறது.

சரி, ஒரு கற்பனை உதாரணம். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அரச பல்கலைக்கழகத்துக்குப் போன மாணவி. இரண்டாம் வருடப் பரீட்சை. மண்டபத்தில் மேற்பார்வையாளர் அவளுடைய பேனாப் பையைத் திறக்கச் சொல்கிறார். உள்ளே கைபேசி இருக்கிறது. அங்கேயே ஒரு படிவத்தை நீட்டி, "கைபேசி வைத்திருந்தேன்" என்று எழுதி ஒப்பமிடச் சொல்கிறார்கள். படிவம் சிங்களத்தில் இருக்கிறது. பதற்றத்தில் ஒப்பமிட்டுவிட்டு மிச்சப் பரீட்சையையும் எழுதி முடிக்கிறாள்.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வருகிறது. நகல் எடுக்கும் நோக்கத்தோடு கைபேசி வைத்திருந்தது நிரூபணமாகிவிட்டது, அந்தத் தவணையின் எல்லாப் பாடப் பெறுபேறுகளும் ரத்து, இரண்டு வருடங்களுக்குப் பரீட்சைத் தடை என்று அதில் இருக்கிறது. நடுவில் ஒரு நாளும் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவள் வழக்குப் போட்டால் பல்கலைக்கழகத்தின் பதில் இப்படித்தான் இருக்கும்: "அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். கூப்பிட்டிருந்தால் மட்டும் கைபேசி காணாமல் போயிருக்குமா?"

கேட்கும்போது அசைக்க முடியாத வாதம் போலத் தெரிகிறது. ஆனால் அந்த ஒரு முடிவுக்குள்ளே மூன்று முடிவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, நடந்தது என்ன? பேனாப் பையில் கைபேசி இருந்தது. இதில் சர்ச்சை இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அவளைக் கேட்டிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்பது உண்மைதான்.

இரண்டாவது, நடந்ததற்கு என்ன பெயர்? "நகல் எடுக்கும் நோக்கத்தோடு" என்று கடிதம் சொல்கிறது. அவள் ஒப்பமிட்டது வைத்திருந்ததற்கு, நோக்கத்துக்கு அல்ல. அப்பா அன்று காலையில் டிக்கோயா ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டிருந்தார், தகவல் வரும் என்று கைபேசியைக் கொண்டுவந்தேன், மண்டபத்துக்குள் போகும்போது அணைத்துவிட்டேன், வெளியில் வைக்க மறந்துவிட்டேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரி அட்டையைக் காட்டியிருக்கலாம். பரீட்சை நேரத்தில் கைபேசி அணைந்திருந்ததா, அதில் பாடக்குறிப்பு ஏதாவது இருந்ததா என்று சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். குழு அதை நம்பாமலும் போயிருக்கலாம். ஆனால் நம்பியிருக்கவே முடியாது என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது, எவ்வளவு தண்டனை? விதியில் "அந்தப் பாடத்தை ரத்துச் செய்வது முதல் மூன்று வருடத் தடை வரை விதிக்கலாம்" என்று இருக்கிறது என வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் இரண்டு வருடம் என்பது ஒருவர் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுத்த எண். ஆறு மாதமாகவும் இருந்திருக்கலாம். அந்தத் தேர்வைச் செய்யும் நேரத்தில் அவளுடைய முதல் குற்றமா, குடும்ப நிலை என்ன என்பதெல்லாம் மேசையில் இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

ஆகவே பயனின்மை வாதம் முதல் அடுக்கில் மட்டும் நிற்கிறது. மற்ற இரண்டிலும் விழுந்துவிடுகிறது. யாராவது உங்களிடம் "எப்படியும் இதே முடிவுதான்" என்று சொன்னால், எந்த அடுக்கைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் முதல் அடுக்கைக் காட்டித்தான் மூன்றையும் மூடப் பார்ப்பார்கள்.

ஒப்புக்கொண்ட பிறகு என்ன விசாரணை? குற்றத்தை ஒத்துக்கொண்டவருக்கும் இந்த உரிமை இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் நீங்கள் தோற்கக்கூடிய இடமும் இதுதான் என்பதால் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் 1971 இல் தீர்ப்பான கிளின் எதிர் கீல் பல்கலைக்கழகம் என்ற வழக்கில், வளாகத்தில் ஆடையில்லாமல் இருந்ததாகச் சில மாணவர்கள் மீது புகார். துணைவேந்தர் விசாரணை எதுவும் வைக்காமல் கிளின் என்ற மாணவருக்கு 10 பவுண் அபராதம் விதித்து, அடுத்த கல்வியாண்டு வளாக விடுதியில் தங்கவும் தடை போட்டார். தண்டிக்கும் முன் மாணவரைக் கேட்டிருக்க வேண்டும், கேட்காதது இயற்கை நீதி மீறல்தான் என்று நீதிபதி பெனிகுயிக் ஏற்றுக்கொண்டார். ஆனாலும் நிவாரணம் தரவில்லை. நடந்ததை மாணவர் மறுக்கவே இல்லை, தண்டனையும் நியாயமானது, விசாரணை வைத்திருந்தால் அவர் கருணை கேட்டுப் பேசியிருக்கலாம், அவ்வளவுதான் என்பது நீதிபதியின் காரணம்.

எனக்கு இந்தத் தீர்ப்பு ஒருபோதும் ஒப்பவில்லை. கருணை கேட்டுப் பேசுவது "அவ்வளவுதான்" இல்லை. குற்றத்தை மறுக்காத ஒருவருக்கு மிச்சம் இருக்கும் ஒரே பேச்சு அதுதான். தண்டனையில் கூட்டவோ குறைக்கவோ இடம் இருக்கும்போது அந்தப் பேச்சுக்கு விலை இருக்கிறது. என்றாலும் இது இருக்கிறது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதை எடுத்துக் காட்டக்கூடும் என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இதற்கு நேர் எதிராக வைக்கக்கூடியது 1963 இல், அன்று பிரித்தானியாவின் உச்ச மேன்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த ரிட்ஜ் எதிர் போல்ட்வின் வழக்கு. பிரைட்டன் நகரப் பொலிஸ் தலைவரை விசாரணை இல்லாமல் நீக்கினார்கள். குற்றவியல் வழக்கில் விடுதலையாகியிருந்தாலும், அந்த வழக்கின் நீதிபதி அவருடைய நடத்தையைப் பகிரங்கமாகக் கண்டித்திருந்தார். அந்த நிலையில் அவர் பதவியில் தொடர்வது கஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவர் கேட்டது வேறு. தானாக விலக அனுமதித்தால் ஓய்வூதியம் தப்பும், நீக்கினால் போய்விடும். பதவி போவது நிச்சயம் என்றே வைத்தாலும், எப்படிப் போவது என்பது திறந்தே இருந்தது. நீக்கியது செல்லாது என்று பிரபுக்கள் சபை தீர்த்தது.

இன்னொன்று. ஒப்புதல் என்றால் எதற்கு ஒப்புதல், எந்த மொழியில், எந்தச் சூழ்நிலையில் என்று பார்க்க வேண்டும். நம் பகுதியில் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்தவர்களிடம் சிங்களப் படிவத்தில் ஒப்பம் வாங்குவது நடக்காத விஷயம் இல்லை. வாசிக்க முடியாத தாளில் இருக்கும் ஒப்பம் "மறுக்க முடியாத உண்மை" ஆகாது. அது விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். மொழி தெரியாமல் ஒப்பமிட்டிருந்தால் அந்த விவரத்தைச் சத்தியக் கடதாசியில் முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள்.

அப்படியானால் பயனின்மை வாதம் எப்போது உண்மையாகவே வெற்றி பெறும்?

இந்திய உச்ச நீதிமன்றம் 1980 இல் எஸ்.எல். கபூர் எதிர் ஜக்மோகன் வழக்கில் வரைந்த கோடுதான் எனக்குத் தெரிந்தவற்றில் தெளிவானது. புதுடில்லி நகரசபையைக் கலைக்கும் முன் அதன் விளக்கத்தைக் கேட்கவில்லை. நீதிபதி சின்னப்ப ரெட்டி சொன்னதன் சாரம்: கேட்காமல் விட்டதே பாதிப்புத்தான், அதற்கு மேல் தனியாக என்ன பாதிப்பு வந்தது என்று நிரூபிக்கத் தேவையில்லை. கேட்காமல் விட்டவரே "கேட்காததால் இவருக்கு நட்டமில்லை" என்று சொல்வது பொருந்தாது. ஆனால் ஒப்புக்கொள்ளப்பட்ட அல்லது மறுக்க முடியாத உண்மைகளில் ஒரே ஒரு முடிவுக்குத்தான் வர முடியும், சட்டத்தில் ஒரே ஒரு தண்டனைக்குத்தான் இடமுண்டு என்றால், அதிகாரியின் முடிவை ரத்துச் செய்யும் எழுத்தாணை என்ற கட்டளையை, பயனில்லை என்று நீதிமன்றம் பிறப்பிக்காமல் இருக்கலாம்.

ஒரே முடிவு, ஒரே தண்டனை. இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும்.

நம் மாணவியின் கதையைக் கொஞ்சம் மாற்றுவோம். விதியில் "எந்த நோக்கமாக இருந்தாலும் சரி, மண்டபத்துக்குள் கைபேசி வைத்திருந்தால் அந்தப் பாடம் ரத்தாகும்" என்று மட்டும் இருக்கிறது. படிவம் தமிழில் இருந்தது, அவள் வாசித்து ஒப்பமிட்டாள், கைபேசி தன்னுடையதுதான் என்பதை இன்றும் மறுக்கவில்லை. பல்கலைக்கழகம் அந்த ஒரு பாடத்தை மட்டும் ரத்துச் செய்தது. இப்போது அவளைக் கூப்பிட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்? அப்பாவின் நோயைச் சொல்லியிருப்பாள். ஆனால் அதைக் கேட்டு எதையும் குறைக்கும் அதிகாரம் குழுவுக்கே இல்லை. இங்கே அவள் தோற்க இடமிருக்கிறது. அதை மறைத்து நம்பிக்கை கொடுப்பது நியாயமில்லை.

இந்த இரண்டாவது கதையில்கூட ஒரு சந்து உண்டு. 1971 இல் பிரபுக்கள் சபை தீர்த்த மாலொக் எதிர் அபர்டீன் மாநகரசபை வழக்கு ஒரு ஸ்கொட்லாந்து ஆசிரியருடையது. புதிய ஒழுங்குவிதி ஆசிரியர்கள் பதிவு செய்ய வேண்டும் என்றது. அவர் மறுத்தார். பதிவு இல்லாதவரை வைத்திருக்கச் சட்டம் இடம் தராது, ஆகவே விசாரணை வெறும் சடங்கு என்றது மாநகரசபை. அப்படித் தெளிவாகக் காட்ட முடிந்தால் அது நல்ல பதிலாக இருக்கலாம் என்றார் ரீட் பிரபு. ஆனால் அந்த ஒழுங்குவிதியே செல்லுமா, தன்னைப் போன்ற பழைய ஆசிரியர்களுக்குப் பொருந்துமா என்று அவர் வாதிட இடமிருந்தது. குழு உறுப்பினர்களில் போதிய பேர் மனம் மாறியிருக்கவும் வாய்ப்பிருந்தது. அவர் வென்றார். உண்மைகள் மூடியிருந்தாலும் சட்டம் திறந்திருக்கலாம் என்பதற்கு இது சாட்சி.

நீதிபதிக்கே முடிவு தெளிவாகத் தெரியும்போது எதற்காக இவ்வளவு தயக்கம்?

தெளிவாகத் தெரிவது போலத் தோன்றுவதற்கு ஒரு காரணம், ஒரு பக்கம் மட்டும் பேசியிருக்கிறது என்பதுதான். ஜோன் எதிர் ரீஸ் வழக்கில் நீதிபதி மெகரி இதை அழுத்திச் சொன்னார். பார்த்த மாத்திரத்திலேயே தெளிவாகத் தெரிந்த வழக்குகள் அப்படி இல்லாமல் போனதும், பதிலே இல்லை என்று நினைத்த குற்றச்சாட்டுகளுக்கு முழுப் பதில் கிடைத்ததும் சட்டத்தின் பாதை நெடுகிலும் இருக்கின்றன என்பது அவருடைய கருத்து.

1990 இல் இங்கிலாந்தின் கொட்டன் வழக்கில் நீதிபதி பிங்ஹாம் இந்தத் தயக்கத்துக்கு ஆறு காரணம் அடுக்கினார். எல்லாவற்றையும் இங்கே கொட்டவில்லை. எனக்கு மிகவும் கனமாகப் படுபவை இரண்டு. ஒன்று, முடிவெடுப்பவர் மனதை எவ்வளவு இறுக மூடியிருக்கிறாரோ, அவ்வளவுக்குப் பாதிக்கப்பட்டவரின் நிலை பலவீனமாகிவிடும். "நான் எப்படியும் கேட்டிருக்க மாட்டேன்" என்று பிடிவாதமாக நிற்கும் அதிகாரிக்கு வெகுமதி கொடுத்த மாதிரி ஆகிவிடும். மற்றது, நீதிமன்றத்தின் வேலை முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று பார்ப்பது. "விசாரித்திருந்தால் என்ன நடந்திருக்கும்" என்று யோசிக்க ஆரம்பித்ததும் நீதிபதி தன்னை அறியாமலே விசாரணைக் குழுவின் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுகிறார். பரீட்சை ஒழுக்கம் பற்றி முடிவெடுக்கச் சட்டம் அதிகாரம் கொடுத்தது பல்கலைக்கழகத்துக்கு, நீதிமன்றத்துக்கு இல்லை.

"பயனில்லை என்றால் எழுத்தாணை தரமாட்டார்கள்" என்று எங்கள் வழக்கறிஞரே சொன்னார். இலங்கைத் தீர்ப்புகளிலும் அப்படி இருக்கிறதாமே?

இருக்கிறது. ஆனால் அது வேறு பயனின்மை. இரண்டையும் கலந்துவிடுவதால்தான் பல மனுக்கள் குழம்பிப் போகின்றன.

எழுத்தாணை என்பது கேட்டவுடன் கிடைக்கும் உரிமை இல்லை. தருவதா வேண்டாமா என்பது நீதிமன்றத்தின் தற்றுணிபு. முடிவு பயனின்மையாகவோ அநீதியாகவோ சட்டவிரோதமாகவோ போகும் இடத்தில் எழுத்தாணை வழங்கப்படாது என்று 1984 ஆம் ஆண்டின் இலங்கைச் சட்ட அறிக்கைகளில் வெளியான சித்தீக் எதிர் ஜெகலின் செனவிரத்ன தீர்ப்பு சொல்கிறது. அங்கே பேசப்படுவது நிவாரணத்தின் பயனின்மை. ரத்துச் செய்தாலும் இனிமேல் எதையும் திருப்ப முடியாத நிலை. மாணவியின் இரண்டு வருடத் தடை முடிந்து, பட்டமும் வாங்கிவிட்ட பிறகு வழக்கு விளக்கத்துக்கு வந்தால் இந்தக் கேள்வி எழும்.

நாம் இதுவரை பேசியது விசாரணையின் பயனின்மை. விசாரித்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்ற கேள்வி அது. முதலாவது நாளையைப் பார்க்கிறது, இரண்டாவது நேற்றைப் பார்க்கிறது. கபூர் வழக்கிலேயே இரண்டும் வந்தன. நகரசபையைக் கேட்காதது தவறு என்று தீர்த்த நீதிமன்றம், அதன் பதவிக்காலம் முடியச் சில நாட்களே இருந்ததால் அதைத் திரும்ப உட்கார வைக்கவில்லை. தவறு நடந்தது என்று அறிவித்ததோடு நிறுத்திக்கொண்டது. விசாரணை பயனற்றது என்று அது சொல்லவே இல்லை.

எதிர்த்தரப்பு சித்தீக் தீர்ப்பைக் காட்டினால், "இங்கே தடை இன்னும் நடப்பில் இருக்கிறது, ரத்துச் செய்தால் நாளைக்கே பலன் உண்டு" என்று பதில் சொல்ல வேண்டும். அதற்காகவே தாமதிக்காமல் போக வேண்டும்.

ரத்துச் செய்ய முடியாத அளவுக்குக் காரியம் தூரம் போய்விட்டால்? வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதானா?

அப்படி இல்லை. தெற்கு அதிவேக நெடுஞ்சாலைக்கு முதலில் குறித்த பாதையை மாற்றியபோது, புதிய பாதையில் காணி வைத்திருந்தவர்களைக் கேட்கவில்லை. இயற்கை நீதி மீறப்பட்டது என்று கண்ட மேன்முறையீட்டு நீதிமன்றம், பொது நலனைக் காரணம் காட்டி எழுத்தாணையை மறுத்தது. 2004 இல் உயர் நீதிமன்றம் நெடுஞ்சாலையை நிறுத்தவில்லை. ஆனால் கேட்கப்படாதவர்களின் உரிமை மீறப்பட்டதை உறுதிசெய்து, அவர்களுக்கு நட்டஈடு கொடுக்கச் சொன்னது. நிவாரணத்தை மறுப்பதும் மீறலை மறுப்பதும் ஒன்றல்ல என்பதற்கு நம் நாட்டிலேயே இருக்கும் நல்ல உதாரணம் இது. மனுவில் ரத்துச் செய்வதை மட்டும் கேட்காமல், மாற்று நிவாரணங்களையும் கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

இங்கிலாந்தில் சட்டமே மாறிவிட்டதாமே? "முடிவு மாறியிருக்காது" என்றால் நிவாரணம் இல்லையாம்.

2015 இல் மாறியது உண்மை. முடிவு கணிசமாக வேறுபட்டிருக்காது என்பது "மிகவும் சாத்தியம்" என்றால், விதிவிலக்கான பொது நலன் இருந்தாலொழிய நிவாரணத்தை மறுக்க வேண்டும் என்று அங்கே பாராளுமன்றம் சட்டம் செய்தது. பழைய வழக்குச் சட்டம் கேட்ட நிச்சயத்தைவிட இது குறைந்த அளவுகோல். அது அவர்களுடைய நீதிமன்றங்களுக்கு எழுதப்பட்ட சட்டம். இலங்கையில் அப்படி ஒரு சட்டம் இல்லை. 2015 க்குப் பிந்திய ஆங்கிலத் தீர்ப்பை யாராவது எடுத்துக் காட்டினால், அது அந்தச் சட்டத்தின் கீழ் வந்ததா என்று முதலில் பாருங்கள்.

முடிவெடுத்தவரே எனக்குப் பகையானவர். அதற்கும் இந்த வாதம் வருமா?

வரக்கூடாது. பக்கச்சார்பான ஒருவர் எடுத்த முடிவை, பக்கச்சார்பில்லாத ஒருவரும் எடுத்திருப்பார் என்று ஊகிக்க அடிப்படையே இல்லை. இயற்கை நீதியின் இந்தப் பாதியில் நீதிமன்றங்கள் மிகக் கண்டிப்பாக இருக்கின்றன.

மண்சரிவு என்று சொல்லி ஒரே இரவில் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். எங்களைக் கேட்கவில்லை. அதுவும் மீறலா?

அது பயனின்மை இல்லை, அவசரம். 2014 ஒக்டோபர் 29 இல் மீரியாபெத்தை மண்சரிவில் நடந்ததை மலைநாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மலை இறங்கும்போது உட்கார்ந்து விளக்கம் கேட்க நேரமில்லை, சட்டமும் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவசரம் விசாரணையைப் பிற்போடுமே தவிர ஒழிக்காது. உயிர் தப்பிய பிறகு அந்த வீட்டுக்குத் திரும்ப விடுவதா, மாற்றுக் காணி எங்கே, யாருக்கு என்று முடிவெடுக்கும்போது உங்களைக் கேட்க வேண்டும். "அன்றைக்கே முடிவாகிவிட்டது" என்று சொன்னால் அது சரியில்லை.

தோட்டத்தில் வேலை நீக்கினார்கள். உள்ளக விசாரணை வைக்கவே இல்லை. இதே வாதங்கள் எனக்கும் உதவுமா?

நேரடியாக உதவாது. தனியார் கம்பனி தோட்டம் என்றால் எழுத்தாணைக்குப் போகும் பாதை இல்லை. தொழில் நியாய சபைக்குத்தான் போக வேண்டும். நீக்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போட வேண்டும். அங்கே சாட்சியங்களைச் சபை புதிதாகக் கேட்டு, நீக்கியது நியாயமா என்று தானே முடிவு செய்யும். ஆகவே உள்ளக விசாரணை நடக்கவில்லை என்பதால் மட்டும் நீங்கள் வென்றுவிட மாட்டீர்கள். தொழிற்சங்கத் தலைவரிடம் சொல்லிவிட்டுக் காத்திருந்து அந்த ஆறு மாதத்தை விட்டுவிடாதீர்கள்.

சரி, மனுவில் நான் என்ன எழுத வேண்டும்? எங்கே போக வேண்டும்?

நிறையப் பேர் "என்னைக் கேட்கவில்லை" என்று எழுதி அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. மாலொக் வழக்கில் ரீட் பிரபுவோடு சேர்ந்து தீர்ப்பளித்த வில்பர்போர்ஸ் பிரபுவே, நடைமுறை மீறலுக்குப் பின்னால் ஏதோ ஒரு உள்ளடக்கம் பறிபோயிருக்க வேண்டும், நீதிமன்றம் வீணாகச் செயற்படாது என்று சொல்லியிருக்கிறார். அந்த உள்ளடக்கம் என்ன என்று நீங்கள்தான் காட்ட வேண்டும்.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பதைச் சத்தியக் கடதாசியில் முழுமையாக எழுதுங்கள். மாணவியாக இருந்தால் ஆஸ்பத்திரி அட்டையின் பிரதி, கைபேசியைச் சோதிக்கத் தயார் என்ற சம்மதம், முன்பு எந்தக் குற்றமும் இல்லை என்பதற்கான ஆதாரம், விதிகளின் பிரதி. விதியில் "விதிக்கலாம்" என்று இருக்கிறதா "விதிக்க வேண்டும்" என்று இருக்கிறதா என்பதை அடிக்கோடிட்டுக் காட்டுங்கள். முழு வழக்கும் அந்த ஒரு வினைச்சொல்லில் திரும்பக்கூடும். இதே குற்றத்துக்கு வேறு மாணவருக்குக் குறைந்த தண்டனை கொடுத்த கடிதம் கையில் கிடைத்தால் அதைவிட நல்ல ஆவணம் இல்லை. தண்டனை ஒன்றுதான் என்ற வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

வழக்குக்கு முன்னரே பல்கலைக்கழகத்துக்கு எழுதி, இந்த விளக்கத்தைக் கொடுத்து, விசாரணை கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் மறுத்தால், நீங்கள் சொல்ல வந்தது அவர்கள் கண்ணுக்கு முன்னால் இருந்தது என்பதற்கு அந்த ரசீது சாட்சி.

பல்கலைக்கழகம் போன்ற மத்திய அரச நிறுவனம் என்றால், அரசியலமைப்பின் 140 ஆம் உறுப்புரையின் கீழ் கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றம். பிரதேச சபை போல மாகாண சபைப் பட்டியலில் வரும் விஷயம் என்றால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் போகலாம், ஹட்டன்காரர் கொழும்புக்கு அலையத் தேவையில்லை. சமத்துவ உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால் ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதம் கடிதப் போக்குவரத்தில் கரைந்துபோவதைப் பலமுறை பார்க்கிறோம். எழுத்தாணைக்கு நாள் கணக்கு இல்லாவிட்டாலும் விளக்கமில்லாத தாமதம் உங்களுக்கு எதிராகவே எண்ணப்படும். வழக்கறிஞருக்குக் கட்ட வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையில் முதலில் விசாரியுங்கள்.

வென்றால் மறுபடியும் அதே குழு முன்னால்தானே அனுப்புவார்கள்? அதே தண்டனையைத் திரும்பக் கொடுத்தால்?

கொடுக்கலாம். நீதிமன்றம் முடிவை ரத்துச் செய்யும், உங்களைக் குற்றமற்றவர் என்று சொல்லாது. மறுபடி விசாரிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. முன்பு கையொப்பமிட்டவர்கள் இல்லாத வேறு குழுவைக் கேளுங்கள், அந்தக் கோரிக்கையை மனுவிலேயே சேர்த்துவிடுங்கள்.

இரண்டாம் முறை அவர்கள் குற்றச்சாட்டை எழுத்தில், உங்களுக்கு விளங்கும் மொழியில் தர வேண்டும். நீங்கள் கொடுக்கும் ஆஸ்பத்திரி அட்டையைப் பார்க்க வேண்டும். "நகல் எடுக்கும் நோக்கம்" என்று மறுபடி எழுதினால் எதை வைத்து எழுதினார்கள் என்பது பதிவில் இருக்கும், அந்தப் பதிவை வைத்து அடுத்த மேன்முறையீட்டைச் செய்யலாம். வழக்கு நடந்த காலத்தில் கழிந்த தடையைப் புதிய தண்டனையில் கழிக்கச் சொல்லி முதல் நாளே எழுத்தில் கேளுங்கள்.